பதினான்காம் நாளில் ஒரு குப்பி: கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

திருவண்ணாமலை மண்டல இணை இயக்குநர் அவர்களுக்கு,

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீடுகள் பலவற்றின் கொல்லையில் நாட்டுக்கோழியும் உண்டு. சேலைக்கான கூலி கைக்கு வரும்வரை முட்டையும் சேவலும் சில்லறைச் செலவைத் தாங்குகின்றன. அந்தக் கொல்லையில் தடுப்பூசித் திட்டம் தொடாத ஒரு நோய் புகுகிறது. அதைப் பற்றியதே இம்மடல்.

நான்கு வாரக் குஞ்சுகள் நாற்பது இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் நான்கைந்து குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும். தீனியைத் தொடாது, நடந்தால் தள்ளாடும். எச்சம் வெள்ளையாய், தண்ணீராய்ப் போகும். ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகு நனைந்து ஒட்டியிருக்கும், சில குஞ்சுகள் அந்த இடத்தையே கொத்திக்கொள்ளும். மூன்றாம், நான்காம் நாளில் சாவு உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் சட்டென்று நின்றுவிடும். வீட்டுக்காரம்மா "வெள்ளைக் கழிச்சல்" என்று சொல்லி, மிச்சத்தை விற்றுவிடுவார்.

வெள்ளைக் கழிச்சல் என்று ஊர் சொல்வது ராணிக்கெட்டை. அது வயது பார்க்காது; பச்சை எச்சம், கழுத்துத் திருகல் என்று வேறு அடையாளங்களும் உண்டு. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் மட்டும் விழுந்து, தாய்க்கோழி நலமாக உலவினால் கம்போரோவைச் சந்தேகிக்க வேண்டும். இறந்த குஞ்சை அறுத்தால் தொடைச் சதையில் ரத்தத் திட்டுகள் தெரியும். ஆசனவாய்க்கு மேலே உள்ள பர்சா என்ற சிறு பை வீங்கியிருக்கும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்போரோ என்ற ஊர்ப்பக்கத்தில் தெரியவந்து, 1962இல் விவரிக்கப்பட்ட நோய் இது.

செத்ததோடு கணக்கு முடிவதில்லை. குஞ்சின் எதிர்ப்புச் செல்கள் வளரும் இடமே அந்தப் பர்சா. மூன்று வாரத்துக்குள் கிருமி தொற்றினால் வெளியே அடையாளம் எதுவும் தெரியாமலே பர்சா சுருங்கிப்போகலாம். பிறகு போடும் ராணிக்கெட் ஊசியும் சரியாகப் பிடிக்காது. ஊசி போட்டும் செத்தது என்று தடுப்பூசியைத் திட்டுகிறவர்கள் இந்தக் காரணத்தையும் பார்க்க வேண்டும்.

தங்கள் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாம் ராணிக்கெட்டுக்கானது, அதுவும் எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு. கம்போரோவுக்கோ நாள்தான் எல்லாம். தாயிடமிருந்து குஞ்சுக்கு வந்த எதிர்ப்புச் சக்தி நிறைந்திருக்கும்போது சொட்டு மருந்து விட்டால், அந்தச் சக்தியே மருந்திலுள்ள உயிர்க் கிருமியை அழித்துவிடும். தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும். அதனால்தான் 12 முதல் 14ஆம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு, பின்னர் ஏறக்குறைய 28ஆம் நாளில் மறு தவணை என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சுக்கும், ஊசியே காணாத நாட்டுக்கோழியின் குஞ்சுக்கும் தாய்வழிச் சக்தி ஒரே அளவில் இருக்காது என்பதால், நாளைக் கால்நடை மருத்துவரே உறுதிசெய்வது நல்லது.

தடையாக இருப்பது குப்பியின் அளவு. நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கான மருந்து ஒரே குப்பியில் வருகிறது. கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். நாற்பது குஞ்சுக்காக யார் அதை வாங்குவார்கள்?

சுத்தத்திலும் ஒரு தவறு நடக்கிறது. சாவு நின்றதும் வீட்டார் பினாயில் தெளித்து அடுத்த தொகுதியை விடுகிறார்கள். கம்போரோ கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது. பினாயில் வகை மருந்துகளை நம்ப முடியாது. காலிக் கொட்டகையில் அது மூன்று மாதத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். முதலில் பழைய கூளத்தைச் சுரண்டி எடுத்து எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். எச்சம் ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் உள்ளே இறங்காது என்பதால், அடுத்து தரையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். அதன் பின்பே அயோடின் கலந்த கிருமிநாசினி. மூத்த கோழி இருக்கும் கொல்லையில் புதுக் குஞ்சுகளை உடனே கலக்கவும் கூடாது.

ஆகவே தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஆரணி கால்நடை மருத்துவமனையில் மாதம் இரண்டு நாளைக் கம்போரோ நாளாக அறிவித்து, சுற்று வட்டாரக் குஞ்சுகளுக்கு ஒரே குப்பியைப் பங்கிட்டுப் போடச் செய்யுங்கள். ஒரே வாரத்தில் அடை வைக்கும்படி வீடுகளுக்கு முன்கூட்டியே சொன்னால் குப்பி வீணாகாது. அரசுத் திட்டத்தில் நான்கு வாரக் குஞ்சு கொடுக்கும்போது, அதற்கு எந்தத் தடுப்பூசி எந்த நாளில் போடப்பட்டது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். மறு தவணை பாக்கியா என்பது அதில் தெரிய வேண்டும். இறந்த குஞ்சைக் கொண்டுவருகிறவர்களைத் திருப்பி அனுப்பாமல் அறுத்துப் பார்க்க மருத்துவர்களுக்கு அறிவுறுத்துங்கள். அடுத்த பிப்ரவரி முகாமுக்கு முன்பே இவை தொடங்க வேண்டும்.