தென்கடல் நீர்க்குமிழி



பேராசை மனிதனைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. ஆனால் கணக்கில் வல்ல அறிஞர்களும் ஒரு பங்கின் விலையைக் கண்டு எவ்வாறு மயங்குகின்றனர், அம்மயக்கம் எங்ஙனம் உருவாகிறது என்பதே நாம் அறிய வேண்டியது. இதற்கு 1720ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நிகழ்ந்ததைப் போன்ற தெளிவான பாடம் வேறில்லை.

1711இல் தென்கடல் கம்பெனி என்னும் நிறுவனம் இங்கிலாந்தில் தோன்றிற்று. தென் அமெரிக்காவிலிருந்த ஸ்பானியக் குடியேற்றங்களோடு வணிகம் செய்வது அதன் நோக்கமெனச் சொல்லப்பட்டது. ஆப்பிரிக்க அடிமைகளை அங்கே விற்கும் உரிமையும் பின்னர் அதற்குக் கிடைத்தது. ஆயினும் அவ்வணிகம் செழிக்கவில்லை. 1718இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது அதுவும் தடைப்பட்டது. கம்பெனியின் உண்மையான தொழில் வேறு. அரசாங்கத்திற்குக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து அக்கடன் பத்திரங்களைப் பெற்றுக்கொண்டு, ஈடாகத் தன் பங்குகளை அளிப்பதே அது.

1720இல் அரசின் கடனில் பெரும்பகுதியை இவ்வாறு ஏற்றுக்கொள்ளப் பாராளுமன்றம் அனுமதித்தது. சூழ்ச்சி இங்கேதான் இருந்தது. நூறு பவுன் கடனுக்கு நூறு பவுன் முகமதிப்புள்ள ஒரு பங்கு வீதம் வெளியிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆனால் கடன் கொடுத்தவருக்குப் பங்குகளைச் சந்தை விலையில் கணக்கிட்டுக் கொடுக்கலாம். ஒருவருக்கு ஆயிரம் பவுன் வரவேண்டியிருப்பதாகக் கொள்வோம். அதன்பொருட்டுக் கம்பெனி பத்துப் பங்குகளை வெளியிடலாம். சந்தையில் பங்கின் விலை 100 பவுன் என்றால் பத்தும் அவருக்கே போய்விடும். விலை 200 ஆனால் ஐந்து போதும். எஞ்சிய ஐந்தை விற்றுக் கம்பெனி பணமாக்கிக்கொள்ளும். ஆகவே வணிகத்தால் அன்று, விலை ஏறுவதால் மட்டுமே இலாபம் பிறந்தது. ஏறிய விலையைக் கண்டு மக்கள் வாங்கினர். அவர்கள் வாங்கியதால் விலை மேலும் ஏறிற்று.

விலையை ஏற்றுவதற்குக் கம்பெனி இரண்டு வழிகளைக் கையாண்டது. முதலாவது, தவணை முறை. ஜூன் மாதத்தில் ஒரு பங்கை 1000 பவுனுக்கு விற்றபோது, உடனே செலுத்த வேண்டியது 100 பவுன் மட்டுமே. இரண்டாவது, தன் பங்குகளையே அடமானமாகப் பெற்றுக்கொண்டு கம்பெனி கடன் கொடுத்தது. கடன் பெற்றவர் அப்பணத்தைக் கொண்டு மேலும் பங்கு வாங்கினார். அடகு வைத்த பங்கோ விற்பனைக்கு வராமல் முடங்கிற்று. ஜனவரியில் 130 பவுன் அளவில் இருந்த விலை, கோடையில் 1000 பவுனை எட்டியது.

நாணயச் சாலையின் தலைவராயிருந்த அறிஞர் ஐசக் நியூட்டன் வசந்த காலத்திலேயே தம் பங்குகளில் பெரும்பகுதியை விற்று நல்ல இலாபம் கண்டார். விற்ற பின்னும் விலை ஏறியது. மற்றவர் செல்வராவதைக் கண்டு அவர் உச்ச விலைக்கருகில் மீண்டும் வாங்கிப் பெரும் பொருளை இழந்தார். அவரை வீழ்த்தியது அறியாமை அன்று; அயலாரின் இலாபம்.

சரிவு எவ்வாறு வந்தது? தவணை செலுத்தும் நாள் நெருங்கியது. கையில் பணம் இல்லாதோர் பங்கை விற்றுத் தவணை கட்ட முயன்றனர். எல்லோரும் விற்க முற்படவே, வாங்குவோர் இல்லை. கோடையில் 100 பவுன் செலுத்தியவர் இன்னும் 900 பவுன் செலுத்தக் கடமைப்பட்டிருந்தார். ஆண்டு முடிவதற்குள் அப்பங்கின் விலையோ 200 பவுனுக்கும் கீழே இறங்கிவிட்டது. செப்டம்பரில் கம்பெனிக்குத் துணைநின்ற சுவார்டு பிளேடு வங்கி முறிந்தது. 1721இல் நடந்த விசாரணையில், அமைச்சர்கள் பங்குகளைக் கையூட்டாகப் பெற்றமை வெளியாயிற்று. நிதியமைச்சர் ஜான் எய்ஸ்லபி சிறை புகுந்தார். இயக்குநர்களின் சொத்தில் பெரும்பகுதி பறிமுதலாயிற்று.

குமிழி எந்நாளில் உடையும் என்று எவராலும் கூற இயலாது; நியூட்டனாலும் இயலவில்லை. ஆனால் அதன் அடையாளங்களைக் காணலாம். ஆகவே சேமிப்பை எதிலேனும் இடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த இலாபம் தொழிலின் வருவாயிலிருந்து வருகிறதா, எனக்குப் பின் வாங்குபவரின் பணத்திலிருந்து வருகிறதா? இன்று செலுத்துவது போக நாளை நான் செலுத்த வேண்டியது எவ்வளவு? விற்பவரே வாங்குவதற்குக் கடனும் கொடுக்கிறாரா? முதற் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில், அண்டை வீட்டார் எத்துணை இலாபம் பெற்றிருப்பினும், நம் பணம் நம் வீட்டிலேயே இருக்கட்டும்.