பழைய தேர்வுத்தாள்: மதிப்பெண் பெறவா, பழுது அறியவா?

பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் படிக்க விரும்புவோருக்கு மலேசியாவில் ஒரு வழி உண்டு. மலேசியத் தகுதி முகமை, பணி அனுபவத்தையும் கல்வித் தகுதியாக மதிப்பிடும் 'ஏப்பல்' திட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளது. எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாதவரும் உரிய வயதும் துறை சார்ந்த அனுபவமும் பெற்றிருந்தால் இதன்வழி டிப்ளோமா படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். அதற்கு அவர் தம் அனுபவத்தைச் சான்றுகளோடு தொகுத்துக் காட்ட வேண்டும்; உளச்சார்புத் தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும். மொழியறிவும் எண்ணறிவும் அத்தேர்வில் சோதிக்கப்படுகின்றன.

தொகுப்பைக் காட்டிலும் தேர்வே பலருக்கு அச்சத்தைத் தருகிறது. குறிப்பாக, கணிதம் என்றதும் தயங்குவோர் அதிகம். அவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். சிலர் நேரே எஸ்.பி.எம். தாளை எடுத்துச் செய்து பார்த்து, முதல் பக்கத்திலேயே மனம் தளர்ந்துவிடுகின்றனர். வேறு சிலர் முதலாம் படிவப் பாடநூலின் முதல் பக்கத்தில் தொடங்கி, தெரிந்தவற்றையே மீண்டும் படித்து, பாதி நூலை எட்டுமுன் நிறுத்திவிடுகின்றனர். இவ்விரண்டையும் விடப் பயனுள்ள வழி ஒன்று உள்ளது. கீழ்நிலை வகுப்புகளின் பழைய தேர்வுத்தாள்களை மதிப்பெண் பெறுவதற்கான பயிற்சியாக அல்லாமல், பழுது எங்கே உள்ளது என்று கண்டறியும் கருவியாகப் பயன்படுத்துவதே அவ்வழி.

இதை ஓர் எடுத்துக்காட்டின்வழி காண்போம். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், திரிங்காப்பிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையே கோலா தெர்லா உள்ளது. அங்குள்ள தேயிலைத் தோட்டக் குடும்பமொன்றில் 1985-இல் பிறந்த ஒரு பெண்மணியை எண்ணிப் பார்ப்போம். 1997-இல் தமிழ்ப்பள்ளியில் யு.பி.எஸ்.ஆர். எழுதினார், 2000-இல் இடைநிலைப்பள்ளியில் பி.எம்.ஆர். எழுதியதோடு படிப்பை நிறுத்தினார். இப்பொழுது கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறார். நிருவாகத் துறையில் டிப்ளோமா படிக்க விரும்புகிறார்.

இவர் தொடங்க வேண்டிய இடம், தாம் கடைசியாக எழுதிய பி.எம்.ஆர். நிலையிலான கணிதத் தாள். அத்தேர்வு 2013-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. அதன் இடத்திற்கு வந்த பி.டி.3 தேர்வும் 2022-இல் அகற்றப்பட்டது. யு.பி.எஸ்.ஆர். அதற்கு முந்திய ஆண்டே அகற்றப்பட்டது. தேர்வுகள் மறைந்தாலும் அவற்றின் தாள்கள் பயனற்றவை ஆகிவிடவில்லை. எந்த வயதில் எந்தத் திறன் எதிர்பார்க்கப்பட்டது என்பதைப் படிப்படியாகக் காட்டும் ஏணியாக அவை இன்றும் உதவுகின்றன.

முதல் தாளைச் செய்யும்போது புத்தகத்தைப் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் விடையெழுதியதும், அதன் அருகே ஒரு குறியிட வேண்டும். உறுதியாகத் தெரிந்து எழுதியதற்கு ஒரு குறி. ஊகித்து எழுதியதற்கு வேறொரு குறி. இந்தச் சிறு வேலை மிக முக்கியமானது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் 40 கேள்விகள் உள்ள தாளில், எதுவுமே தெரியாமல் குறித்தாலும் ஏறத்தாழ 10 விடைகள் சரியாக அமைந்துவிடக்கூடும். நம் எடுத்துக்காட்டில் வரும் பெண்மணி 16 கேள்விகளுக்கு உறுதியாகவும் சரியாகவும் விடையளிக்கிறார் என்று கொள்வோம். மீதமுள்ள 24 கேள்விகளில் ஊகத்தால் 6 சரியாகின்றன. மொத்தம் 22, அதாவது 55 விழுக்காடு. ஆனால், அவர் உண்மையில் அறிந்தது 40 விழுக்காடுதான். குறியிடாமல் விட்டிருந்தால், அந்த ஆறு கேள்விகளிலுள்ள பழுதும் சரியான விடைகளுக்குள் மறைந்துபோயிருக்கும்.

அடுத்து, தவறுகளைத் தலைப்புவாரியாகப் பிரிப்பதை விடக் காரணவாரியாகப் பிரிப்பதே நன்று. ஒரு கேள்வி இப்படி உள்ளது எனக் கொள்வோம்:

x/3 + 1/2 = 5/6

இதைத் தவறாகச் செய்தவர், "எனக்கு இயற்கணிதம் வராது" என்று முடிவு செய்துவிடுவார். அவருடைய வழிமுறையைப் பார்த்தால் வேறு செய்தி கிடைக்கும். அவர் x/3-ஐயும் 1/2-ஐயும் கூட்டும்போது, மேலுள்ளவற்றை மேலுள்ளவற்றோடும் கீழுள்ளவற்றைக் கீழுள்ளவற்றோடும் கூட்டி, (x + 1)/5 என்று எழுதியிருக்கிறார். பழுது இயற்கணிதத்தில் இல்லை. பின்னத்தைக் கூட்டுவதில் இருக்கிறது. அது தொடக்கப்பள்ளிப் பாடம்.

ஆகவே, அவர் ஒரு படி கீழே இறங்கி, யு.பி.எஸ்.ஆர். நிலைத் தாளில் உள்ள பின்னக் கேள்விகளை மட்டும் செய்து பார்க்க வேண்டும். 1/2 + 1/3 என்ற கேள்விக்கு 2/5 என்று எழுதுகிறாரா? அப்படியானால், விடையே தவற்றைக் காட்டிக் கொடுக்கிறது. 2/5 என்பது அரையை விடச் சிறியது. அரையோடு ஒன்றைக் கூட்டிய பிறகு விடை அரையை விடக் குறைய முடியாது. இரண்டு பின்னங்களையும் ஆறில் ஒரு பங்குகளாக மாற்றினால், 3/6 + 2/6 = 5/6 என்பது விளங்கும். பகுதி எண்கள் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது புரிந்த பிறகு, முதலில் தவறிய கேள்விக்கே அவர் திரும்ப வேண்டும். x/3 = 5/6 − 3/6 = 2/6 = 1/3. எனவே, x = 1. இந்த விடையை முதல் வரியில் இட்டுப் பார்த்தால் 1/3 + 1/2 = 5/6 எனச் சரியாக அமைகிறது. இப்படித் தவறு நின்ற இடம்வரை இறங்கி, அங்கிருந்து மீண்டும் ஏறுவதுதான் பழைய தாள்களைப் பயன்படுத்தும் முறை. எல்லாப் படிகளையும் மிதிக்க வேண்டியதில்லை. உடைந்த படியைச் சீர்செய்தால் போதும்.

வேலை செய்து பழகிய பெரியவர்களுக்கு எண்கள் புதியவை அல்ல. கொழுந்தின் எடை, கூலி, கடைக் கழிவு ஆகியவற்றை நாள்தோறும் மனக்கணக்காகவே போடுகின்றனர். இது பெரும்பலம், சில வேளைகளில் அதுவே வழுக்கும் இடமாகவும் அமைகிறது. "20 விழுக்காடு கழிவிற்குப் பின் ஒரு சட்டையின் விலை 40 ரிங்கிட். கழிவிற்கு முந்திய விலை என்ன?" என்ற கேள்விக்குப் பலர் 40-இல் 20 விழுக்காட்டைக் கண்டு, அதைக் கூட்டி, 48 ரிங்கிட் என்பர். 48-இல் 20 விழுக்காடு 9.60 ரிங்கிட். அதைக் கழித்தால் 38.40 ரிங்கிட்தான் வருகிறது, 40 வரவில்லை. கழிவு பழைய விலையின்மீது கணக்கிடப்பட்டதே தவிர, புதிய விலையின்மீது அன்று. 40 ரிங்கிட் என்பது பழைய விலையின் 80 விழுக்காடு. ஆகவே, பழைய விலை 50 ரிங்கிட். கடையில் விலையிலிருந்து கழிவை நோக்கிக் கணக்கிட்டுப் பழகிய மனம், தேர்வில் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும் என்பதைக் கவனிப்பதில்லை. இத்தகைய தவற்றுக்குப் பாடநூலை மீண்டும் படிப்பதால் பயனில்லை. விடையைக் கேள்விக்குள் இட்டுச் சரிபார்க்கும் பழக்கமே மருந்து.

மூன்றாவது காரணம் மொழி. 1990-களில் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள் கணிதத்தைத் தமிழில் கற்றனர். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் தொடர்ந்தனர். பின்னம் என்பது 'பெச்சாஹான்' ஆனது. விழுக்காடு 'பெராத்துஸ்' ஆனது. கூட்டுத்தொகை 'ஹாசில் தம்பா'. பெருக்குத்தொகை 'ஹாசில் டாராப்'. இரண்டும் 'ஹாசில்' என்றே தொடங்குவதால், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவசரத்தில் படிப்பவர் பெருக்க வேண்டியதைக் கூட்டிவிடலாம். கணக்கிடத் தெரிந்தவரே கேள்வியைத் தவறாகப் படித்ததால் மதிப்பெண்ணை இழக்கிறார்.

இதைக் கண்டறிவது எளிது. தவறிய கேள்வியை ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டட்டும். உடனே சரியான விடை வந்தால், பழுது கணிதத்தில் இல்லை. அத்தகையவர் செய்ய வேண்டியது மூன்று நிரல்கள் கொண்ட ஒரு பட்டியல்: தமிழ், மலாய், ஆங்கிலம். பழைய தாள்களில் தாம் தடுமாறிய சொற்களை மட்டும் அதில் எழுத வேண்டும். அகராதியை முழுவதும் படிப்பதை விட, தம்மைத் தடுக்கிவிட்ட முப்பது சொற்களைத் தெளிவாக அறிவது மேல்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. ஒரே தாளை இரண்டாம் முறை செய்து 35 விடைகள் சரியாக வந்தால், அது முன்னேற்றம் ஆகாமலும் போகலாம். விடைகள் நினைவில் நின்றிருக்கலாம். ஆகவே, திருத்திய பிறகு ஒரு வாரம் இடைவெளி விட்டு, வேறோர் ஆண்டின் தாளில் அதே வகைக் கேள்வியைச் செய்து பார்க்க வேண்டும். எண்கள் மாறிய பின்னும் வழிமுறை தடுமாறவில்லை என்றால்தான் அந்தப் படி உறுதியாகியது எனலாம். மேலும், பழைய பள்ளித் தாள்களின் வடிவமும் நுழைவுத் தேர்வின் வடிவமும் ஒன்றல்ல. அடிப்படை உறுதியான பிறகு, தேர்வை நடத்தும் நிலையம் தரும் மாதிரிக் கேள்விகளை நேரக் கட்டுப்பாட்டோடு செய்துபார்ப்பது தேவை. அந்த வரிசையை மாற்றி, மாதிரிக் கேள்விகளிலேயே தொடங்குபவர் எங்கே தவறுகிறோம் என்பதை அறிவார். ஏன் தவறுகிறோம் என்பதை அறியமாட்டார்.

நாற்பது வயதில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தாளைக் கையில் எடுப்பது சிலருக்கு வெட்கமாகத் தோன்றலாம். வீட்டில் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ எனத் தயங்குவோரும் உண்டு. ஆனால், இயந்திரம் நின்றால் பழுதுபார்ப்பவர் அடியில் உள்ள பகுதிகளையும் கழற்றிப் பார்க்கத்தான் செய்கிறார். "கணக்கு எனக்கு வராது" என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தவரின் தாளைப் பிரித்துப் பார்த்தால், பின்னம், விழுக்காடு, சில மலாய்ச் சொற்கள் என மூன்றே இடங்களில் பழுது இருப்பது தெரியவரலாம். அந்த மூன்றும் தெரியாமல் போனதால் டிப்ளோமா விண்ணப்பமே எழுதப்படாமல் நின்றுவிடுவது பேரிழப்பு. எத்தனை மதிப்பெண் என்று பார்த்து மூடிவைக்கப்படும் தாள் அந்த இழப்பைத் தடுக்காது. எந்தக் கேள்வியில், எந்த வரியில் கணக்கு திசைமாறியது என்று தேடிப் படிக்கப்படும் தாளே தடுக்கும்.