புத்தகத்தை மூடிட்டு ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள்

இன்டர்னல் பேப்பர் கைக்கு வந்தபோது உராய்வுக் கணக்குக்கு எனக்கு விழுந்திருந்தது 16க்கு 3. அந்த மூணும் படம் வரைஞ்சதுக்கு. மார்க் போனதைவிட வேற ஒண்ணுதான் உறுத்தியது. அந்தப் பாடத்தை நான் படிக்காமல் போகவில்லை. மூன்று முறை படித்திருந்தேன். முக்கியமான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் மார்க்கர் போட்டிருந்தேன். தீர்த்துக் காட்டிய கணக்குகளையும் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்திருந்தேன்.

கேள்வி இதுதான். 100 நியூட்டன் எடையுள்ள ஒரு கட்டை, 20 டிகிரி சாய்வான பலகைமேல் சும்மா இருக்கிறது. உராய்வுக் குணகம் 0.5. கட்டைமேல் செயல்படும் உராய்வு விசை எவ்வளவு?

நான் யோசிக்கவே இல்லை. உராய்வு என்றால் f = μN. செங்குத்து விசை 100 cos 20°, அதாவது 94. அதில் பாதி 47. விடை 47 நியூட்டன் என்று எழுதிக் கோடும் போட்டுவிட்டேன். சரியான விடை 34.2. பேப்பர் வாங்கினபிறகு விடை தப்பு என்று தெரிந்தது, ஏன் தப்பு என்று தெரியவில்லை. அடுத்த தடவை இந்த மாதிரி வந்தால் sin போடணும் என்று மட்டும் மனசுக்குள் குறித்துக்கொண்டேன். உங்களில் பாதிப்பேர் இப்படித்தான் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் எட்டாம் வகுப்பு. அவள் அறிவியல் புத்தகத்திலும் உராய்வு வருகிறது. "அண்ணே, நீ இன்ஜினியரிங்தானே படிக்க, இதைக் கொஞ்சம் சொல்லேன்" என்று வந்து உட்கார்ந்தாள். என் நோட்டு, புத்தகம் எல்லாம் ராஜபாளையத்தில். வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

வீட்டு மூலையில் இருந்த அரிசி மூட்டையைக் காட்டினேன். "இது ஏறக்குறைய 500 நியூட்டன்னு வச்சுக்கோ. தரைக்கும் மூட்டைக்கும் குணகம் 0.4. அப்ப உராய்வு 200 நியூட்டன். நீ 50 நியூட்டன் விசையில தள்ளுற. மூட்டை நகராது. ஏன்னா உராய்வு எதிர்ப்பக்கமா 200 தள்ளுது."

அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் இந்தப் பக்கமிருந்து 50 தள்ளுறேன். அது 200 தள்ளுது. அப்ப மூட்டை என்மேலல்ல வந்து இடிக்கணும்?"

சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் சொன்னது நியூட்டனின் இரண்டாம் விதி. 200 ஒரு பக்கம், 50 மறுபக்கம் என்றால் மிச்சம் 150. அந்த 150க்கு மூட்டை அவளை நோக்கி வந்தே ஆக வேண்டும். அதோடு விடவில்லை. "யாருமே தள்ளலைன்னா? அப்பவும் 200 இருக்குமா? எந்தப் பக்கமாத் தள்ளும்?"

யாரும் தொடாத மூட்டை தானாக வீட்டுக்குள் நகர்ந்து போகிற காட்சி என் கண்முன் வந்தது. மூன்று முறை படித்தும் எனக்கு எட்டாத விஷயம் அப்போதுதான் எட்டியது. μN என்பது உராய்வின் அளவு இல்லை. உராய்வு அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்கிற எல்லை. பஸ்ஸில் 55 இருக்கை என்று எழுதியிருந்தால், எப்போதும் 55 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தமா? யாரும் தள்ளாதபோது உராய்வு சுழியம். 50 தள்ளினால் 50. 150 தள்ளினால் 150. 200ஐத் தாண்டி ஒரு துளி தள்ளினால்தான் அது தோற்றுப்போகும், மூட்டை நகரும். அதாவது, நிற்கிற பொருளுக்கு f = μN என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடாது; f ≤ μN என்றுதான் எழுத வேண்டும். அந்தச் சின்னக் குறிதான் என் 13 மார்க்.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்திலேயே என் கணக்கைத் திரும்பப் போட்டேன். கட்டையைச் சாய்வில் கீழே இழுப்பது 100 sin 20°, அதாவது 34.2. உராய்வால் தாங்க முடிந்த எல்லை 47. தேவை எல்லைக்குள் இருக்கிறது, அதனால் கட்டை நகராது. நகராத கட்டைமேல் உராய்வு தேவையான அளவுதான் இருக்கும்: 34.2. இதே பலகையை 30 டிகிரிக்குத் தூக்கினால் இழுப்பு 50, எல்லை 43.3. தாங்காது, சறுக்கும். அதற்கப்புறம் இயக்க உராய்வுக் குணகம் வேண்டும், அது வேறு கதை. ஆக, முதலில் எவ்வளவு உராய்வு தேவை என்று பார், பிறகு எல்லையோடு ஒப்பிடு. பாடம் முழுக்க இவ்வளவுதான்.

சரி, மூன்று முறை படித்தபோது இது ஏன் பிடிபடவில்லை? வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். நான் போட்டுப் பார்த்த கணக்குகளில் ஏறக்குறைய எல்லாமே பொருள் நகரப்போகும் தறுவாயில் இருப்பவை. ஏணி சறுக்கப்போகும் நிலை, ஆப்பு நழுவப்போகும் நிலை. அந்த நிலையில் f = μN சரிதான். என் தப்பான புரிதல் ஒவ்வொரு முறையும் சரியான விடையைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தப்பு வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. புத்தகம் திருப்பிக் கேள்வி கேட்காது.

இதிலிருந்து நான் சொல்ல வருவது நம் ஹாஸ்டலைப் பற்றி. பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாம் 'கம்பைன்ட் ஸ்டடி' என்று ஒன்று நடத்துகிறோமே, அது எப்படி நடக்கிறது? நன்றாகப் படிக்கிற ஒருவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பான். மற்ற நாலு பேரும் தலையாட்டுவார்கள். எல்லாருக்கும் புரிந்த மாதிரி இருக்கும். என் கருத்து, அது படிப்பே இல்லை. வாசிக்கிறவனுக்குக்கூடப் பெரிய லாபம் இல்லை.

இது என் சொந்த அனுபவம் மட்டும் இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோ, லீ, லிம் ஆகிய மூவரும் செய்து 2018ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. மாணவர்களுக்கு டாப்ளர் விளைவைப் பற்றிய பாடம் ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழு எதையும் பார்க்காமல் அதைப் பாடமாக நடத்த வேண்டும். இன்னொரு குழு கையில் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு நடத்த வேண்டும். மூன்றாவது குழு நினைவில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். நான்காவது குழுவுக்குப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கூட்டல் பெருக்கல் வேலை. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது, பார்க்காமல் நடத்தியவர்களும் நினைவிலிருந்து எழுதியவர்களும் நன்றாகச் செய்தார்கள். பார்த்து நடத்திய குழுவுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஹாஸ்டல் வாத்தியார் அந்தக் குழுவில்தான் வருவார்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். நினைவிலிருந்து எழுதியவர்களும் நன்றாகச் செய்தார்கள் என்றால், கேட்க ஆள் எதற்கு? தனியாக உட்கார்ந்து எழுதினால் போதாதா? நியாயமான கேள்வி. பாடம் மனதில் நிற்பதற்கு அது போதும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் என் பிரச்சனை மறதி இல்லையே. f = μN எனக்கு நன்றாகவே நினைவில் இருந்தது. தனியாக எழுதியிருந்தால் அதே தப்பை அழகான கையெழுத்தில் எழுதியிருப்பேன். தப்பாகப் புரிந்துகொண்டதைப் பிடிக்கத்தான் இன்னொருவர் வேண்டும்.

அதற்கும் வகுப்பு நண்பன் தோதுப்பட மாட்டான். அவனிடம் 'மியூ என்' என்றால் 'ஆமா' என்பான். இருவருக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது, பழகியதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். சித்தி மகளுக்கு மியூ தெரியாது. அவளுக்குத் தெரிந்தது மூட்டை. அதனால் நான் சொன்னதை அவள் மூட்டையோடு ஒட்டிப் பார்த்தாள், ஒட்டவில்லை.

ஆனால் இதை ஒரு மந்திரம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அவள் கேட்டாள்: "ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்கும்போது முதல்ல கிளப்புறதுதான் கஷ்டம், கிளம்பிட்டா அப்புறம் ஓடிருது. அதுவும் இதுதானா?" நான் உற்சாகத்தில், "ஆமா, நிலை உராய்வு அதிகம், இயக்க உராய்வு கம்மி. ரோட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல அது குறைஞ்சிரும்" என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்கும் திருப்தி.

ராத்திரி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. சக்கரம் உருள்கிறது, சறுக்கவில்லை. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. அங்கே நிலை உராய்வுதான், இயக்க உராய்வாக மாற வேலையே இல்லை. உரசல் இருப்பது அச்சும் சக்கரமும் சேரும் இடத்தில். அது போக, நின்ற இடத்தில் சக்கரம் கொஞ்சம் அழுந்தியிருக்கும், அந்தப் பள்ளத்திலிருந்து ஏற வேண்டும். நிற்கிற அவ்வளவு பெரிய எடைக்கு வேகம் கொடுக்கவும் தனியாக விசை வேண்டும். நான் சொன்னது தப்பு. அவள் தலையாட்டியதால் சரி என்று நினைத்துவிட்டேன். கேட்பவர் கேள்வி கேட்டால்தான் பலன். தலையாட்டினால் ஹாஸ்டல் கதைதான்.

அதனால் நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதலில் பாடத்தை ஒரு தடவையாவது ஒழுங்காகப் படித்துவிட வேண்டும், காலிப் பானையிலிருந்து எதுவும் வராது. பிறகு நோட்டை மூடிவிட்டு, அந்தப் பாடம் தெரியாத ஒருவரிடம் வீட்டில் இருக்கும் ஒரு பொருளை வைத்துச் சொல்ல வேண்டும். எண்ணும் போட்டுச் சொல்ல வேண்டும், எண் இல்லாமல் சொன்னால் தப்பு ஒளிந்துகொள்ளும். சொல்லும்போது "அது ஃபார்முலா, அப்படித்தான்" என்று எந்த இடத்தில் வாயில் வருகிறதோ, அந்த இடம் நமக்குப் புரியவில்லை. அதைக் குறித்துக்கொண்டு புத்தகத்தில் பார்க்க வேண்டும். கடைசியாக, பார்க்காத கணக்கு ஒன்று போட வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சொல்லிக் கொடுப்பது ஒருநாளும் ஈடுகட்டாது.

தேர் விஷயத்தை மறுநாளே போன் போட்டுத் திருத்தினேன். "தப்பாச் சொல்லிட்டேன் பாப்பா, உரசல் அச்சுலதான்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப அச்சுக்கு மட்டும் மசகு போட்டா தேர் லேசாக் கிளம்பிருமா?" என்றாள்.

"பாதி சரி" என்றேன். மீதிப் பாதிக்கு ரோட்டையும் எடையையும் வைத்து அவளுக்கு எப்படிச் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.