காபி ஏன் திடீர்னு நாறுது? வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கில் நடப்பது என்ன?

காய்ச்சல் விட்டு மூணு வாரம் ஆச்சு, மூக்கடைப்பும் இல்லை. ஆனா காலை காபி வெறும் கசப்புத் தண்ணியா இருக்கு. பிரச்சினை நாக்கில் இல்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்ற சில அடிப்படைச் சுவைகளைத்தான் நாக்கு சொல்லும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் காட்டுவது பெரும்பாலும் மூக்குதான்.

மூக்கின் உச்சியில் சின்னதாக ஒரு படலம் இருக்கிறது. அதில் வாசனையை உணரும் நரம்பு செல்களும், அவற்றைத் தாங்கும் துணை செல்களும் உண்டு. கொரோனா வைரஸ் முக்கியமாகத் தாக்குவது துணை செல்களை என்று 2020-லேயே ஆய்வுகள் காட்டின. சேதம் அதோடு நின்றால் சில வாரங்களில் வாசனை திரும்பிவிடும். நரம்பு செல்களும் அழிந்தால்தான் சிக்கல். படலத்தின் அடியில் உள்ள ஸ்டெம் செல்கள் புதிய நரம்பு செல்களை உருவாக்கும். ஆனால் அவை மூளை வரை இழை நீட்டி, சரியான இடத்தில் இணைய மாதங்கள் ஆகும். சாதாரண சளி, ஃப்ளூ வைரஸ்களாலும் வாசனை இப்படிப் போகலாம்.

இந்த மறுஇணைப்புக்கு உதவத்தான் வாசனைப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009-ல் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு வாசனைகள், தினம் காலையும் இரவும், 12 வாரம்.

நான்கு சின்ன மூடி பாட்டிலில் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய் சில சொட்டு விடுங்க. பாட்டிலை மூக்கருகே பிடித்து சுமார் 10 விநாடி மெதுவாக முகருங்கள். முரட்டுத்தனமா இழுக்க வேண்டாம், எண்ணெய் தோலில் படவும் வேண்டாம். முகரும்போது அந்த வாசனையை நினைவுக்குக் கொண்டுவாங்க. நீலகிரித் தைலத்தில் ஜில்லென்ற உறைப்பு மட்டும் தெரிந்தால் அது வாசனை இல்லை. அதை உணர்வது வேறொரு நரம்பு.

உதாரணமாக, ஒருவர் ஆறாவது வாரம் வரை எதையும் உணரவில்லை. எட்டாவது வாரத்தில் காபி கருகிய ரப்பர் மாதிரி, வதங்கும் வெங்காயம் சாக்கடை மாதிரி நாறுகிறது. "பயிற்சியாலதான் மோசமாச்சு"ன்னு பலர் நிறுத்துவது இங்கேதான். ஆனால் இந்த வாசனைத் திரிபு, புதிய நரம்புகள் இன்னும் முழுசா சரியா இணையாததன் அறிகுறியாகக் கருதப்படுகிறது. எதுவுமே தெரியாத நிலையை விட இது பெரும்பாலும் நல்ல செய்திதான். நாறும் உணவைத் தற்காலிகமாகத் தள்ளிவைத்துவிட்டு, பயிற்சியைத் தொடரலாம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10-க்கு மதிப்பெண் போட்டு வைத்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றமும் பிடிபடும்.

எல்லாருக்கும் பலன் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, ரத்தக்கசிவு, அல்லது காய்ச்சலோ சளியோ இல்லாமலே வாசனை போனது என்றால், பயிற்சியோடு நிற்காமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று: சிலிண்டர் கசிவு தெரியட்டும் என்றே சமையல் கேஸில் நாற்றம் சேர்க்கிறார்கள். அது உங்களுக்குத் தெரியாது. கேஸ் அலாரம் ஒன்று மாட்டிவிடுங்கள். பால் கெட்டுவிட்டதா என்று ரூம்மேட்டிடம் கேட்டுக்குங்க.