நெருப்பை விட ஒரு தாளின் பாரம் தூரம் போகும்

ரொக்கெட் ஏவுற வீடியோக்களை நாங்கள் எல்லாரும் பாத்திருக்கிறம். பத்து, ஒன்பது, எட்டு எண்டு எண்ணி முடிய நெருப்பும் புகையுமாய் ஒரு கோபுரமே எழும்பிப் போகும். அதைப் பாத்துப் பழகின எங்களுக்கு, விண்வெளிப் பயணம் எண்டாலே பெரிய சத்தமும் பெரிய வேகமும் எண்ட எண்ணம் பதிஞ்சு போச்சு. ஆனால் அந்த நெருப்பு சில நிமிடங்களில் அணைந்துவிடும். அதன் பிறகு வரும் வருடக்கணக்கான தூரத்துக்கு மெதுவான இயந்திரங்களே பொருத்தமானவை என்பது எங்கள் வாதம்.

இதற்கு நாசாவின் டோன் விண்கலம் நல்ல சாட்சி. 2007 செப்டெம்பரில் அது புறப்பட்டது. 2011இல் வெஸ்டா என்ற சிறுகோளை அடைந்து, ஒரு வருடத்துக்கு மேல் அதைச் சுற்றி ஆராய்ந்தது. பிறகு அங்கிருந்து வெளிக்கிட்டு, 2015 மார்ச்சில் சீரஸ் என்ற குறுங்கோளைச் சுற்றத் தொடங்கியது. பூமிக்கு அப்பால் இரண்டு இடங்களைச் சுற்றிவந்த முதலாவது விண்கலம் அதுதான்.

அதைத் தள்ளியது ஒரு அயன் இயந்திரம். அதன் உச்சத் தள்ளுவிசை, உள்ளங்கையில் ஒரு தாளை வைத்தால் நாங்கள் உணரும் பாரத்தின் அளவுதான். பூச்சியத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தைக் கூட்ட அதற்கு நாலு நாளுக்கு மேல் வேணும். சைக்கிளே கெதியாப் போகும் எண்டு நீங்கள் சிரிக்கலாம்.

சிரிக்க முதல் ஒரு கணக்கைப் பாப்பம். ஒரு வள்ளத்தில் இருந்து பின்பக்கமாய்க் கல்லெறிந்தால் வள்ளம் முன்னுக்குப் போகும். கல்லை எவ்வளவு வேகமாய் எறியிறமோ, அவ்வளவு குறைவான கற்கள் போதும். ரொக்கெட்டும் அப்படித்தான். விண்கலங்களில் வழமையாய்ப் பாவிக்கிற இரசாயன எரிபொருள், வாயுவைச் செக்கனுக்கு 3 கிலோமீற்றர் சொச்சம் வேகத்தில் வெளியே தள்ளும். எரிபொருளுக்குள் இருக்கும் சக்தி அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்க முடியாது. அயன் இயந்திரம் சக்தியை எரிபொருளிடம் கேட்பதில்லை. சூரியத் தகடுகளில் இருந்து வரும் மின்சாரத்தால் செனன் வாயுவின் அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்து, மின்புலத்தால் அவற்றைச் செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்தில் எறிகிறது.

டோன் தன் பயணம் முழுவதிலும் செக்கனுக்கு 11 கிலோமீற்றருக்கு மேல் வேகமாற்றம் செய்தது. அதற்காக அது கொண்டுபோன செனன் 425 கிலோகிராம். அதே வேலையை இரசாயன எரிபொருளால் செய்ய வெளிக்கிட்டால், கலத்தின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கிட்டத்தட்ட 30 கிலோகிராம் எரிபொருள் வேணும். செனன் இல்லாத டோனின் நிறை 800 கிலோகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியெண்டா 20 தொன்னுக்கு மேல் எரிபொருள். அதை அடைக்கிற தாங்கியின் பாரத்தை நாங்கள் இன்னும் கணக்கில எடுக்கவே இல்லை.

சூரியப் பாய் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது எறிவதற்கு எதையுமே கொண்டுபோறதில்லை. ஒளி பாயில் பட்டுத் தெறிக்கும்போது மிகச் சிறிய அளவில் அதைத் தள்ளும். ஜப்பான் 2010இல் அனுப்பிய இகாரோஸ், 14 மீற்றர் சதுரப் பாயை விரித்து இதைச் செய்து காட்டியது. கிடைத்த விசை டோனின் உச்சத் தள்ளுவிசையில் எண்பதில் ஒரு பங்குதான். ஒரு நாளில் அது கூட்டும் வேகம் செக்கனுக்கு 0.3 மீற்றர் மட்டில். ஆனால் சூரியன் இருக்கும்வரை அந்தத் தள்ளல் தீராது.

குறைகளை மறைக்கத் தேவையில்லை. இந்த இரண்டாலும் தரையை விட்டு ஒரு அங்குலம்கூட எழும்ப ஏலாது. டோனையும் இகாரோஸையும் மேலே கொண்டுபோனது இரசாயன ரொக்கெட்தான். சூரியனில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும். பூமிக்கருகில் 10 கிலோவாற் தரக்கூடிய டோனின் தகடுகள், மூன்று மடங்கு தூரத்தில் 1.3 கிலோவாற் அளவுதான் தரும். ஒளி குறையக் குறையப் பாயும் சோரும்.

இன்னொரு குறை, இந்த இயந்திரங்களுக்கு ஓய்வெடுக்க ஏலாது. 2014 செப்டெம்பரில் டோனின் இயந்திரம் திடீரென நின்றது. ஒரு கதிர்வீச்சுத் துணிக்கை இலத்திரனியல் பகுதியைத் தாக்கியிருக்கலாம் என்று பொறியியலாளர்கள் கருதினார்கள். நாலு நாள் மட்டில்தான் தள்ளல் இல்லாமல் போனது. ஆனால் விட்டதைப் பிடிக்க ஒரு பெரிய உதை கொடுக்க வழியில்லை. சீரஸை நெருங்கும் பாதையையே மாற்றி வரையவேண்டி வந்தது. முதலாவது ஆய்வுச் சுற்றுப்பாதையை அடைய ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தியது.

ஆனாலும் பாதையை மாற்றி வரையக் கூடியதாய் இருந்ததே, அதைத்தான் நாங்கள் கவனிக்கிறம். இரசாயனக் கலம் ஒன்று சுற்றுப்பாதைக்குள் நுழைய வேண்டிய அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டால், அது கோளைக் கடந்து போய்விடும். டோனுக்கு அப்படியொரு ஒற்றைக் கணம் இருக்கவில்லை. அது பிந்தித்தான் போனது, ஆனால் போய்ச் சேர்ந்தது.

மேலே எழும்ப நெருப்பு வேணும், அதில் எங்களுக்குச் சண்டையில்லை. எழும்பின பிறகு வருடக்கணக்காய்ப் போக, அந்தத் தாளின் பாரமே போதும்.