பஞ்சாங்கத்தில் இருக்கிறது, பள்ளி நாட்காட்டியில் இல்லை

நம்மூரில் மாசி மகம் என்றைக்கு என்று பஞ்சாங்கம் ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு அது கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இன்றும் தீராத கோபம் இது.

விடுமுறையில் மூன்று வகை உண்டு. முதலாவது, அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல். அது அலுவலகத்துக்கும் வங்கிக்குமானது. வங்கிக் கணக்கு முடிக்கும் ஏப்ரல் 1 கூட அதில் இருக்கும், பள்ளிக்கு அதனால் ஒன்றும் இல்லை. இரண்டாவது, கல்வித்துறையின் நாட்காட்டி. அது வேலை நாட்களை எண்ணுவது. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வகுப்பு வரை 220 நாள் வேண்டும். மூன்றாவது, மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை. அது செலாவணி முறிச் சட்டத்தில் வராது. அதனால் அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்கும் அந்த விடுமுறை கிடையாது.

2025-ஐப் பாருங்கள். பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. மாசி மகம் 12-ஆம் தேதி புதன்கிழமை. வழக்கப்படி முதல் நாள் தேர். அந்த 11-ஆம் தேதிதான் கணக்குத் தேர்வு. வீடு நிறைய விருந்தாளி, தெரு முழுக்க ஒலிபெருக்கி, மணிமுத்தாற்றில் கூட்டம். இதற்கு நடுவில் பையன் எங்கே உட்கார்ந்து கணக்குப் போடுவான்?

சாமியையும் குறை சொல்லவில்லை, தேர்வுத் துறையையும் குறை சொல்லவில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டவணைதான் போட முடியும். நம்மூர் திருநாளுக்காக அதை நகர்த்த முடியாது. ஆனால் தேர்வுத் தேதி மாதக்கணக்கில் முன்னாலேயே வந்துவிடுகிறது, மகமும் முன்னாலேயே தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நம்மூர்ப் பீங்கான் தொழிலாளியைக் கேளுங்கள். சூளையை மூட்டிய பிறகு, "நாளைக்கு லீவு" என்று பாதியில் அணைக்க முடியாது, உள்ளே இருப்பதெல்லாம் வீணாகும். அதனால் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டுவார்கள். மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு வருஷம் படிக்கிற பிள்ளைக்கு அந்த யோசனை வேண்டாமா?

நான் கேட்பது மூன்றே. உள்ளூர் விடுமுறையை ஜூனிலேயே பள்ளி நாட்காட்டியில் அச்சடியுங்கள். திருப்புதல் தேர்வைத் திருவிழா வாரத்துக்கு வெளியே வையுங்கள். ஈடுசெய்யும் சனிக்கிழமையைத் தேர்வுக்குப் பிறகு வைக்காமல் முன்னாலேயே வையுங்கள். பாடம் அப்போதுதான் உதவும்.

நாமும் ஒன்று செய்யலாம். பேரப்பிள்ளை தேர்வு எழுதுகிற வீட்டுக்கு அந்த வருஷம் தேருக்குப் போகவேண்டாம். கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.