கல்லல் வீட்டுப் பங்கு: 12 லட்சம் லாபமா, நஷ்டமா?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பல பெரிய வீடுகளுக்கு உரிமையாளர் ஒருவர் அல்ல. தாத்தா கட்டிய வீடு அப்பாக்களுக்குப் பிரிந்து, பேரன்களுக்குப் பிரிந்து, இன்று பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். வீட்டை விற்கவோ பழுது பார்க்கவோ எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் தொகையால் மட்டும் கிடைப்பதில்லை. அதை எப்படிச் சொல்கிறோம் என்பதும் முடிவை மாற்றும்.

உதாரணத்துக்கு, கல்லலில் ஒரு வீடு. தம்பி முறை உள்ள ஒருவர், பெரியப்பா மகனின் பங்கை 12 லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளாவிட்டால் வழி பாகப்பிரிவினை வழக்குதான். அதில் 16 லட்சமும் கிடைக்கலாம், 8 லட்சத்தோடும் முடியலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரி பார்த்தால் அதுவும் 12 லட்சம்தான்.

தம்பி இப்படிப் பேசலாம்: “அண்ணே, 16 லட்சம் பெறும்னு தெரியும். ஆனா 4 லட்சம் விட்டுக்கொடுங்க, முடிச்சுக்கலாம்.” அண்ணன் மனதில் 16 என்பது ஏற்கெனவே தன் கையில் இருக்கும் பணம் ஆகிவிடுகிறது. இப்போது அவர் முன் இருப்பது உறுதியான 4 லட்சம் நஷ்டம். வழக்குக்குப் போனால் பாதி வாய்ப்பில் நஷ்டமே இல்லை. “கோர்ட்லயே பார்த்துக்குவோம்ப்பா” என்றுதான் பதில் வரும்.

அதையே, “கேஸ்னு போனா 8 லட்சம் வர்றதே சந்தேகமா முடியலாம்ணே. இப்பவே அதுக்கு மேல 4 லட்சம் சேர்த்து 12 தர்றேன்” என்றால்? தொகை அதேதான். ஆனால் அளக்கத் தொடங்கும் இடம் 8 ஆகிவிட்டது. கைக்கு வந்த 4 லட்சத்தைப் பணயம் வைக்க யாருக்கும் மனம் வராது.

டேனியல் கானமன், ஆமாஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1981-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 600 பேரைத் தாக்கப்போகும் ஒரு நோய். எந்தத் திட்டம் நல்லது என்று கேட்டார்கள். “200 பேர் உறுதியாகப் பிழைப்பார்கள்” என்று சொன்னபோது 72 சதவீதம் பேர் அந்த உறுதியான வழியைத் தேர்ந்தார்கள். “400 பேர் இறப்பார்கள்” என்று அதே திட்டத்தைச் சொன்னதும், 78 சதவீதம் பேர் சூதாட்டம் போன்ற மற்ற திட்டத்தைத் தேர்ந்தார்கள்.

‘நஷ்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் வேலை நடக்கும்’ என்ற பரவலான நம்பிக்கை இங்கேதான் சறுக்குகிறது. நஷ்டம் என்ற சொல் ஆளை அசைக்கும், உண்மை. எந்தப் பக்கம் அசைக்கும் என்பதே கேள்வி. நாம் கேட்கும் விட்டுக்கொடுப்பு நஷ்டமாகத் தெரிந்தால், எதிரே இருப்பவர் துணிந்து மறுப்பார். முடிவைத் தள்ளிப்போடுவது நஷ்டமாகத் தெரிந்தால் மட்டுமே பக்கத்தில் வருவார். “ஓடு சரிஞ்சு கிடக்குண்ணே. இந்த ஐப்பசி மழையும் உள்ள இறங்குனா தேக்கு உத்தரம் தாங்காது, உங்க பங்கோட மதிப்பும் சேர்ந்துதான் குறையும்” என்பது அந்த வகை. ஓடு உண்மையிலேயே சரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பொய் என்றால் அதன் பிறகு எந்த வார்த்தையும் எடுபடாது.

வழக்கைப் பற்றிச் சொல்வதும் அப்படியே. 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2-வது பிரிவுப்படி, சொத்தைத் துண்டாகப் பிரிப்பது சரிவராது என்றால், பாதி அல்லது அதற்கு மேல் பங்கு உள்ளவர்கள் கேட்கும்போது நீதிமன்றம் விற்பனைக்கு உத்தரவிடலாம். இதைத் தகவலாகச் சொல்லலாம். “கேஸ் போட்டுருவேன்” என்று சொன்னால், அது அண்ணனை 16 லட்சத்தை நோக்கித்தான் தள்ளும்.

எதிரே இருப்பவர் எங்கிருந்து அளக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேச்சிலேயே வரும். “பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சு தெரியுமா?” என்றால் அந்த விலைதான் அவருடைய தொடக்கம். அதை முதலில் பேசி, அந்த வீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தெளிவாக்காமல் தொகையைச் சொல்வது வீண். கூட்டல் கழித்தல் எல்லாம் ஏற்கெனவே போட்டுவிட்டு வந்து உட்காரும் ஆளிடம் சொல் மாற்றம் பெரிதாக வேலை செய்யாது.

ஆனால், “படைப்பை எங்க வச்சுப் போடுறது?” என்று கேட்டால் விஷயமே வேறு. முன்னோருக்குப் படைப்பதும் கல்யாணம் நடத்துவதும் அந்த வளவில்தான் என்று நினைப்பவருக்கு, இழப்பு ரூபாயில் இல்லை. அவரிடம் 12-ஐ 13 ஆக்குவது, வீட்டுக்கு விலை பேசுவதாகவே காதில் விழும். “பணம் வாங்கிக்கிட்டாலும் படைப்புக்கு வளவு உங்களுதுதாண்ணே. பத்திரம் போடும்போதே அதையும் எழுதிருவோம்” என்பது அவருக்கான பேச்சு. அந்த வரியை எப்படி எழுதுவது என்று அவரையே சொல்லச் சொல்லலாம்.